ரூம்மேட் ஒரு மணி வரை படிக்கிறான், நான் பத்தரைக்குத் தூங்கிவிடுகிறேன்

ரிப்பீட்டர்18:
நீட் இரண்டாவது தடவை எழுதப் போகிறேன். விடுதியில் என் ரூம்மேட் இரவு ஒரு மணி வரை படிக்கிறான். நான் பத்தரைக்குப் படுத்துவிடுவேன். அவன் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. எழுந்து புத்தகத்தைத் திறந்தாலும் ஒன்றும் ஏறவில்லை. நானும் ஒரு மணி வரை உட்கார வேண்டுமா?

தஞ்சைத்தரணி:
உட்காருங்கள் தம்பி. அடுத்தவரைப் பார்க்காதே என்று எல்லாரும் சொல்வார்கள், முதல் தடவை நானும் அதை நம்பினேன். பக்கத்து பெஞ்சுப் பெண் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை இரண்டு சுற்று முடித்தபோது நான் பாதியில் இருந்தேன். அப்போது எனக்கு வந்த பயம் பொய்யில்லை, நான் பின்தங்கித்தான் இருந்தேன். அடுத்த வருடம் தினமும் இரண்டு மணி நேரம் கூட்டினேன். இப்போது பி.டி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன்.

திருப்பூர்அம்மா:
வார்டனிடம் சொல்லி பத்தரைக்கு விளக்கை அணைக்கச் சொல்லுங்கள் கண்ணு. இல்லையென்றால் அறையை மாற்றித் தரச் சொல்லுங்கள். தூக்கம் கெட்டால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

ரிப்பீட்டர்18:
வெளிச்சம் தொந்தரவில்லை அம்மா, அவன் சின்ன விளக்குதான் வைத்திருக்கிறான். அவன் படிக்கிறான், நான் படுத்திருக்கிறேன் என்ற நினைப்புதான் தூங்க விடமாட்டேன் என்கிறது.

இயற்பியல்வாத்தியார்:
தம்பி, உன் கடைசி முழு மாதிரித் தேர்வின் கணக்கைச் சொல். எத்தனை சரி, எத்தனை தப்பு, எத்தனை விட்டாய்? தப்பானவற்றை விடைத்தாளோடு வைத்துப் பார்த்து மூன்றாகப் பிரி. பாடமே தெரியாதது, படித்து மறந்தது, தெரிந்தும் கேள்வியைத் தப்பாகப் படித்ததோ கணக்கில் சறுக்கியதோ.

ரிப்பீட்டர்18:
பிரித்துப் பார்த்தேன் சார். 118 சரி, 50 தப்பு, 12 விட்டுவிட்டேன். மதிப்பெண் 422. தப்பான 50-ல் தெரியாதது 17, மறந்தது 19, சறுக்கியது 14.

இயற்பியல்வாத்தியார்:
இப்போது அந்த 14-ஐப் பார். தப்புக்கு ஒன்று போகிறது, சரியாகப் போட்டிருந்தால் நான்கு வந்திருக்கும். ஆக ஒரு சறுக்கலின் விலை 5. பதினான்குக்கும் சேர்த்து 70. அந்தப் பாடம் உனக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் இந்த எழுபதை ஒரு மணி வரை விழித்துப் பிடிக்க முடியாது. தூக்கம் குறைந்தால் 'தவறான கூற்று எது' என்பதைச் 'சரியான கூற்று எது' என்று படிப்பது இன்னும் கூடும். என் வகுப்பில் இதை வருடா வருடம் பார்க்கிறேன்.

மறந்த 19-க்குப் புத்தகத்தை மறுபடி படிப்பது பலவீனமான மருந்து. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பகுதியைப் படித்துவிட்டு ஒரு குழு அதையே திரும்பப் படித்தது, இன்னொரு குழு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள், 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: அவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

உன் பயத்துக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது. இரவு படித்ததை ஒருவன் உடனே கடகடவென்று ஒப்பித்தால் நமக்கு வயிற்றைக் கலக்கும். அவனிடம் அது அடுத்த வாரம் எவ்வளவு மிஞ்சும் என்று அந்த நேரத்தில் அவனுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

தஞ்சைத்தரணி:
சார், இது பையனைச் சமாதானப்படுத்துகிற கணக்கு. ரூம்மேட்டும் எழுதிப் பார்த்தே படிக்கிறான் என்று வையுங்கள். அப்போது அவனுடைய இரண்டரை மணி நேரம் அப்படியே லாபம்தானே? தெரியாத 17 எங்கே போகும்?

இயற்பியல்வாத்தியார்:
நியாயமான கேள்வி. தெரியாத 17-க்கு நேரம்தான் வேண்டும், அதை மறுக்கவில்லை. தப்பு 50-ல் தெரியாதது மட்டும் 35, 40 என்று வந்திருந்தால் நானே இவனை இன்னும் உட்காரச் சொல்லியிருப்பேன். உங்கள் முதல் வருடம் அப்படி இருந்திருக்கும், அதனால்தான் அன்று உங்கள் பயம் உண்மையைச் சொன்னது. இவனுக்கு மூன்றில் ஒரு பங்குதான் அது.

இன்னொன்று. நீட் நடப்பது பிற்பகல் 2 மணிக்கு. ஒரு மணி வரை விழிக்கிற பிள்ளைகள் பலர் சாப்பிட்டதும் கண் அசருவார்கள். தம்பி, உன் ரூம்மேட் பகலில் என்ன செய்கிறான் என்று கவனித்திருக்கிறாயா?

ரிப்பீட்டர்18:
மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்குவான் சார். இதை நான் கணக்கிலேயே எடுத்ததில்லை. ஆனால் அவன் மதிப்பெண் என்னைவிட 40 அதிகம்.

இயற்பியல்வாத்தியார்:
அந்த 40 உண்மை, அதை மறைக்க வேண்டாம். ஆனால் அது எந்தப் பாடத்தில் வந்தது என்று அவனிடமே கேள். பயாலஜியில் 90 கேள்வி, 360 மதிப்பெண், பத்து கேள்வியிலேயே வந்துவிடும். கேட்டால் உனக்கு ஒரு பாடத்தின் பெயர் கிடைக்கும், மறுநாள் செய்ய ஒரு வேலை இருக்கும். பக்கம் புரளும் சத்தத்திலிருந்து அப்படி எதுவும் கிடைக்காது.

கணக்குப்பெண்:
நான் சி.ஏ. இன்டருக்குப் படித்தபோது ஒரு டெலிகிராம் குழுவில் இருந்தேன். தினமும் இரவு எல்லாரும் டைமர் ஆப்பின் படத்தைப் போடுவார்கள், 11 மணி நேரம், 13 மணி நேரம் என்று. என்னுடையது 7 தாண்டாது. அதைக் கூட்டிக் காட்டவே, சாப்பிடும்போதும் டைமரை ஓட விட்டேன். பிறகு குழுவிலிருந்து வெளியேறினேன். முதல் மூன்று நாள் இன்னும் மோசம், அவர்கள் எல்லாரும் 15 மணி நேரம் படிப்பதாகவே தோன்றியது. அதற்கப்புறம்தான் அடங்கியது. ஆனால் அந்தக் குழுவில் வந்த நல்ல திருத்தக் குறிப்புகளும் எனக்குக் கிடைக்காமல் போயின, அதையும் சொல்ல வேண்டும். தம்பியால் அறையை விட்டு வெளியேற முடியாதே, அங்கே என்ன செய்வது?

இயற்பியல்வாத்தியார்:
படுக்கும் முன் ஒரு தாளில் மறுநாள் காலை முதல் வேலையை எழுதி வைக்கச் சொல்வேன். 'சுழற்சி இயக்கம், பத்து கணக்கு, ஐந்தரை மணி' என்கிற அளவுக்கு. 'இன்னும் படிக்கணும்' என்று பொதுவாக எழுதினால் மனம் அதைப் பிடித்துக்கொண்டு சுற்றும். எல்லாருக்கும் இது வேலை செய்வதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே வராமல், சாப்பாடும் இறங்காமல் இருந்தால் அது படிப்புத் திட்டத்தில் தீராது. 14416 டெலி மனஸ் என்ற மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசில்லை.

தஞ்சைத்தரணி:
காலை ஐந்தரைக்கு எழுவதை ஏற்கிறேன். ஆனால் 17 கேள்விக்கான நேரத்தை ஞாயிறு மதியத்திலாவது ஒதுக்குங்கள். இல்லையென்றால் மே மாதத்திலும் அந்த 17 அப்படியே நிற்கும்.

இயற்பியல்வாத்தியார்:
ஞாயிறு மதியம் 2 மணிக்கு அவன் முழு மாதிரித் தேர்வு எழுத வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ரிப்பீட்டர்18:
ரூம்மேட்டிடம் கேட்டேன். 40-ல் 32 பயாலஜியில்தான். தாவரவியல் வகைப்பாட்டில் மட்டும் எனக்கு ஆறு கேள்வி போயிருக்கிறது, எல்லாமே 'மறந்தது' கணக்கில் வருபவை. இன்னொன்றும் சொன்னான். நான் பத்தரைக்கே நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்து, எல்லாம் முடித்துவிட்டேன் போலிருக்கிறது என்று அவன் பயந்துதான் உட்கார்ந்திருக்கிறானாம். சார், அவனுடைய தப்புகளையும் இதே மாதிரி பிரித்துத் தரச் சொல்கிறான். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து செய்யலாமா, இல்லை மறுபடி ஒப்பிடுவதில் போய் நிற்குமா?