பெரியவருக்குப் போட்ட மெயிலுக்குப் பதில் இல்லை, சப்ஜெக்ட்தான் காரணமா?

குடமுருட்டிக்கரை:
பாபநாசம் பக்கம் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் திருப்பணி நடக்கிறது. மண்டபத்துப் படிக்கல் ஒன்றில் பழைய எழுத்து தெரிகிறது. கல்வெட்டு படிக்கும் பேராசிரியர் ஒருவருக்கு மார்கழி பிறந்ததுமே படத்தோடு மெயில் போட்டேன், பதில் இல்லை. சப்ஜெக்ட் இது: "வணக்கம் ஐயா, தங்களிடம் ஒரு சிறு உதவி வேண்டி". ஜனவரி 24 அன்று புதுத் தளம் போடுகிறார்கள், கல் அடியில் போய்விடும். எப்படி எழுதினால் திறந்து பார்ப்பார்?

மன்னை வாசு:
"அவசரம்" என்று முதலில் போடுங்கள். தேதியையும் சேருங்கள்.

ஐயாறு:
கல்லூரி அலுவலகத்தில் துறைத் தலைவருக்கு வரும் மெயில்களை நான்தான் பிரித்து வைக்கிறேன். வாசு சொன்னதில் தேதி சரி, "அவசரம்" வேண்டாம். ஆளுக்கு ஆள் அப்படித்தான் போடுகிறார்கள், எதற்கு அவசரம் என்று அதில் தெரிவதில்லை.

உங்கள் சப்ஜெக்டைப் போனில் பாருங்கள். தமிழ் எழுத்து இடம் அதிகம் எடுக்கும் என்பதால் "வணக்கம் ஐயா, தங்களிடம்…" என்பதோடு வெட்டுப்படும். மரியாதை மட்டும் தெரிகிறது, விஷயம் தெரியவில்லை. வணக்கத்தை மெயிலுக்குள்ளே வையுங்கள். சப்ஜெக்ட் இப்படி இருக்கட்டும்:

"பாபநாசம் கல்வெட்டு எந்தக் காலம்? ஜன. 24 வரை பார்க்கலாம்"

அவருடைய துறைச் சொல் முன்னால் வந்துவிட்டது. கேள்வியும் ஒன்றுதான். மெயிலின் முதல் வரியிலும் அதே கேள்வியைக் கேளுங்கள். "சோழர் காலமா, பிற்காலமா என்று ஒரு வரி எழுதினால் போதும்" என்று சேர்த்தால் அவர் பயணத்தில் இருந்தபடியே பதில் தட்டிவிடுவார். முதல் மெயிலில் ஊர் வரலாறு முழுக்க எழுதியிருந்தீர்களா?

குடமுருட்டிக்கரை:
ஆமாம் சார், கேள்வி கடைசிப் பத்தியில்தான் இருந்தது. அவருடைய பழைய மாணவர் ஒருவர்தான் எழுதச் சொன்னார். அதைச் சொல்லலாமா?

ஐயாறு:
அதுதான் முக்கியம்! அவரிடம் கேட்டுக்கொண்டு பெயரை முதலிலேயே போடுங்கள்: "(பெயர்) சொல்லி எழுதுகிறேன்: பாபநாசம் கல்வெட்டு". தெரிந்த பெயர் கண்ணில் பட்டால் கை தானாக அங்கே போகும். இடம் போதாது, தேதியை முதல் வரிக்கு இறக்கிவிடுங்கள்.

வெண்ணாறு செல்வி:
எனக்கும் இதே தொல்லைதான். துபாயில் இருக்கும் தம்பியிடம் நிலப் பத்திரம் பற்றி வாட்ஸ்அப்பில் கேட்டால் பதிலே வராது. அதில் சப்ஜெக்ட் எங்கே போடுவது?

ஐயாறு:
அதில் முதல் வரிதான் சப்ஜெக்ட், அக்கா. "தம்பி, நல்லா இருக்கியா" என்பதைத் தனியாக அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். "தம்பி, பத்திர நகல் உன்னிடம் இருக்கா?" என்று ஒரே செய்தியாகப் போடுங்கள்.

மன்னை வாசு:
புது மெயிலா, பழைய மெயிலுக்கு அடியிலேயே தொடரலாமா? புதிதாகப் போட்டால் முன்பு எழுதியதே தெரியாமல் போகுமே.

ஐயாறு:
பழையதில் தொடர்ந்தால் அதே "சிறு உதவி" தலைப்பில்தான் போய் நிற்கும். ஜிமெயிலில் சப்ஜெக்டை மாற்றினால் தனி மெயிலாகிவிடும். இந்த விஷயத்தில் நான் புதிதாகவே அனுப்புவேன். முன்பு எழுதியதை உள்ளே ஒரு வரியில் சொன்னால் போதும்.

மன்னை வாசு:
பெரியவருக்கு நாமே கெடு வைப்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

குடமுருட்டிக்கரை:
தளம் போடும் தேதி என் கையில் இல்லையே அண்ணா. காரணத்தோடு முதல் வரியில் எழுதிவிடுகிறேன். மாணவரிடம் பேசிவிட்டேன், சரி என்றார். இன்று இரவே அனுப்புகிறேன்.