எஃப்சி 24: ஃப்ரீ கிக் சுவரில் மோதுகிறது அல்லது மேலே பறக்கிறது, பெனல்டி கம்பத்துக்கு வெளியே போகிறது. உதவி தேவை

மலைத்தென்றல் (ஹட்டன்):

அனைவருக்கும் வணக்கம். நான் பிளேஸ்டேஷன் 4 இயந்திரத்தில் ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24 விளையாடுகிறேன். எங்கள் நகரத்து கேம் கடையில் அடுத்த மாதம் ஒரு போட்டி நடக்கவிருக்கிறது. அதில் சமநிலையில் முடியும் ஆட்டங்கள் எல்லாம் பெனல்டியில்தான் தீர்க்கப்படும் என்பதால் இந்தக் குறையை அதற்குள் சரிசெய்ய விரும்புகிறேன்.

பெட்டிக்குச் சற்று வெளியே, நடுவிலிருந்து இடப்புறமாகக் கிடைக்கும் ஃப்ரீ கிக்கை வலக்கால் ஆட்டக்காரர் ஒருவரைக் கொண்டு அடிக்கிறேன். பவரைக் குறைத்தால் பந்து சுவரில் மோதுகிறது. கூட்டினால் குறுக்குக் கம்பத்துக்கு மிக மேலே போய்விடுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. வளைவும் சில வேளைகளில் வருகிறது, சில வேளைகளில் வருவதில்லை.

பெனல்டியில் பந்தைச் சுற்றிச் சுருங்கி விரியும் வளையம் மிகச் சிறிதாகும் தருணத்தில்தான் பொத்தானை அழுத்துகிறேன். குறி மூலையைத் தவறவிடக்கூடாது என்பதற்காக இடது ஸ்டிக்கை ஆரம்பம் முதல் உதை முடியும்வரை முழுமையாகத் தள்ளிப் பிடித்திருக்கிறேன். இருந்தும் பந்து கம்பத்துக்கு வெளியே போகிறது. எங்கே பிழைக்கிறது என்று விளக்க முடியுமா?

ஒன்பதாம் இலக்கம் (பண்டாரவளை):

தம்பி, உங்கள் வளைவு நிலையில்லாமல் இருப்பதற்குக் காரணம், வலது ஸ்டிக்கை நீங்கள் உரிய நேரத்தில் அசைக்காததே என்று நினைக்கிறேன். முதலில் இடது ஸ்டிக்கால் குறி வையுங்கள், பிறகு பொத்தானை அழுத்திப் பவரை ஏற்றுங்கள், ஆட்டக்காரர் ஓடி வரும்போது வலது ஸ்டிக்கை வளைவு வேண்டிய விதமாகச் சுழற்றுங்கள். நான் பல காலமாக இப்படித்தான் அடித்து வருகிறேன். பவரும் பாதியைப் பெரிதாகத் தாண்டக்கூடாது. தாண்டினால் யார் அடித்தாலும் பந்து மேலேதான் போகும்.

கோல்கம்பம் (நுவரெலியா):

பண்டாரவளை அண்ணன் பவரைப் பற்றிச் சொன்னதை நான் ஏற்கிறேன். ஆனால் ஓடி வரும்போது ஸ்டிக்கைச் சுழற்றும் முறை ஃபிஃபா 20 இல் வந்தது. ஃபிஃபா 23 முதல் அது மாற்றப்பட்டு, பந்தின் எந்த இடத்தில் கால் படவேண்டும் என்பதை உதைக்கு முன்பே வலது ஸ்டிக்கால் தெரிவு செய்யும் முறை வந்துவிட்டது. எஃப்சி 24 உம் அதையே பின்பற்றுகிறது. ஆகவே மலைத்தென்றல் ஓட்டத்தின்போது ஸ்டிக்கைச் சுழற்றினால், அதனால் வளைவு கூடப்போவதில்லை.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். பந்து எவ்வளவு உயரம் எழும்ப வேண்டும் என்பதையும் நீங்கள் பவரைக் கொண்டே தீர்மானிக்கப் பார்க்கிறீர்கள். இந்த முறையில் உயரத்தைப் பெரும்பாலும் தருவது கால் படும் புள்ளி. வேகத்தையும் தூரத்தையும் தருவது பவர். புள்ளி பந்தின் நடுவிலேயே இருந்தால், பந்து எழும்பாமல் 9.15 மீற்றர் தள்ளி நிற்கும் சுவரில் மோதும். அதைத் தாண்ட வைப்பதற்காகப் பவரைக் கூட்டிக்கொண்டே போனால், சுவரைத் தாண்டும் அளவை எட்டும்போது அந்தப் பந்து 2.44 மீற்றர் உயரமுள்ள கம்பத்துக்குக் கீழே இறங்க முடியாத வேகத்தில் இருக்கும். இடைப்பட்ட அளவு கிடைக்காததன் காரணம் இதுதான்.

நீங்கள் சொன்ன இடத்தையே எடுத்துக்கொள்வோம். கோலிலிருந்து 22 மீற்றர் அளவு தூரம், நடுவிலிருந்து இடப்புறம், வலக்கால் ஆட்டக்காரர். சுவர் இடது கம்பப் பக்கத்தை மறைக்கும். கோல் காப்பாளர் வலது பக்கமாக நிற்பார். நம் இலக்கு, சுவருக்கு மேலாகப் போய் இடது மேல்மூலையில் இறங்கும் பந்து. பயிற்சி அரங்கில் பந்தை அங்கே வைத்து, இடது ஸ்டிக்கால் குறியை இடது கம்பத்துக்கு ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக உள்ளே, அதாவது சுவரின் உட்பக்க ஓரத்தில் நிற்பவரின் தலைக்கு மேலாக வையுங்கள். நேராகக் கம்பத்தைக் குறி வைத்தால் வளைவு அதை வெளியே கொண்டுபோய்விடும். பிறகு வலது ஸ்டிக்கால் புள்ளியை நடுவிலிருந்து கொஞ்சம் கீழேயும் கொஞ்சம் வலப்புறமும் நகர்த்துங்கள். பந்தின் வலப்புறத்தில் கால் பட்டால் பந்து இடப்புறமாக வளையும். திரையில் தோன்றும் கோடு பந்து புறப்படும் திசையையும் எழுச்சியையும் காட்டும். அந்தக் கோடு சுவரின் தலைகளுக்கு மேலே தெளிவாகப் போகிறதா என்று பாருங்கள், ஏனெனில் சுவரில் நிற்பவர்கள் குதிக்கவும் கூடும். பவரைப் பாதியைச் சற்றுத் தாண்டும்வரை ஏற்றி அடியுங்கள்.

இனி, பிழைத்தால் என்ன செய்வது என்பதே முக்கியம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பந்து சுவரில் மோதினால் பவரைத் தொடாமல் புள்ளியை இன்னும் சற்றுக் கீழே இறக்குங்கள். சுவரைத் தாண்டிக் கம்பத்துக்கு மேலே போனால் புள்ளியைத் தொடாமல் பவரைக் குறையுங்கள். உயரம் சரியாக இருந்து வளைவு போதாவிட்டால் புள்ளியை இன்னும் வலப்புறம் நகர்த்துங்கள். ஆனால் வளைவு கூடும்போது குறியையும் அதே அளவு வலப்புறம் தள்ளாவிட்டால் பந்து இடது கம்பத்துக்கு வெளியே போய்விடும். புள்ளியை மிகக் கீழே இறக்கிவிடவும் வேண்டாம். பந்து உயர எழும்பி மெதுவாக இறங்கும், கோல் காப்பாளருக்கு நடந்து போய்ப் பிடிக்க நேரம் கிடைத்துவிடும்.

யார் அடிக்கிறார் என்பதையும் பாருங்கள். ஃப்ரீ கிக் துல்லியமும் வளைவும் உயர்ந்த ஒருவர், உதாரணமாக ஜேம்ஸ் வார்ட்-ப்ரௌஸ், அடிக்கும்போது வளையும் பந்து, அந்த அளவுகள் குறைந்த பின்கள ஆட்டக்காரர் அடிக்கும்போது அவ்வளவு வளைவதில்லை. வளைவு சில வேளைகளில் வருவதில்லை என்கிறீர்கள். உதைப்பவர் ஒவ்வொரு முறையும் ஒருவரேதானா?

டிக்கோயா பதின்மர்:

எனக்கும் இதே குறை இருக்கிறது. நான் கைபேசியில் ஈஃபுட்போல் விளையாடுகிறேன். விரலை நேராக இழுத்தாலும் பந்து ஒரு பக்கமாக வளைந்துவிடுகிறது. பந்தில் தோன்றும் புள்ளியை நான் எங்கே தேடுவது?

கோல்கம்பம் (நுவரெலியா):

தம்பி, உங்களுடையது வேறு கேம். அதில் இந்தப் புள்ளி இல்லை. விரல் திரையில் போகும் பாதையே பந்தின் திசையைத் தீர்மானிப்பதால், நீங்கள் நேர் என்று நினைத்து இழுப்பது கட்டைவிரலின் இயல்பான அசைவால் வில்லாக அமைந்துவிடலாம். கைபேசியை மேசையில் வைத்து ஆட்காட்டி விரலால் இழுத்துப் பாருங்கள். மேலும் விவரம் வேண்டுமானால் தனி இழையாகத் தொடங்குங்கள். இங்கே இரண்டும் கலந்துவிடும்.

மலைத்தென்றல் (ஹட்டன்):

மிக்க நன்றி, அண்ணா. புள்ளியைக் கீழே இறக்கியதும் பந்து சுவரைத் தாண்டத் தொடங்கிவிட்டது. பவரைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்தபோது, பாதியைச் சற்றே தாண்டிய அளவில் பந்து இடது மூலைக்குள் இறங்கியது. நீங்கள் கேட்டது போலவே, அணியை மாற்றும்போதெல்லாம் உதைப்பவரும் மாறியிருக்கிறார். ஒருவரையே வைத்து அடித்தால் வளைவு நிலையாக வருகிறது.

பெனல்டி மட்டும் இன்னும் சரியாகவில்லை. பாதிக்குப் பாதி வெளியே போகிறது. வளையம் சிறிதாக இருக்கும்போது அழுத்தினாலும் அது பெரிதாக இருந்தபோது அழுத்தியது போன்ற உதையே வருகிறது.

கோல்கம்பம் (நுவரெலியா):

பெனல்டியில் உங்களுக்கு இரண்டு வெவ்வேறு குறைகள் இருக்கின்றன என்று தோன்றுகிறது.

பந்து வெளியே போவது ஸ்டிக்கால் நேர்வது. பெனல்டியில் குறி திரையில் தெரியாது. ஸ்டிக்கைத் தள்ளிப் பிடித்திருக்கும் நேரமெல்லாம் அது கம்பத்தை நோக்கி நகர்ந்துகொண்டே போகிறது. ஆரம்பம் முதல் கடைசிவரை முழுமையாகத் தள்ளிப் பிடித்தால் குறி மூலையைத் தாண்டிவிடும். வளையம் சுருங்குவதற்குக் காத்திருக்கும்போது ஸ்டிக்கைத் தொடவே வேண்டாம். வளையம் சுருங்கியதும் பொத்தானை அழுத்தி, பவர் ஏறும்போது ஸ்டிக்கை மூலைப் பக்கமாகச் சிறிது நேரம் தள்ளிவிட்டு விடுங்கள். முதலில் மிகக் குறுகிய தள்ளலில் தொடங்குங்கள். பந்து காப்பாளருக்கு அருகில் போகும். பிறகு கம்பத்தின் உட்பக்கத்தைத் தொடும்வரை தள்ளும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். இதில் பவர் பாதியளவு இருந்தால் போதும்.

இரண்டாவது குறை உங்கள் தொலைக்காட்சியைச் சேர்ந்ததாக இருக்கலாம். படத்தை அழகாக்கும் செயற்பாடுகள் இயங்கும்போது, இயந்திரம் அனுப்பும் காட்சி திரையில் தோன்ற ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கு வரை பிந்தக்கூடும். அப்படியானால் வளையம் மிகச் சிறிதாகத் தெரியும் நொடியில், கேமினுள் அது ஏற்கெனவே விரியத் தொடங்கியிருக்கும். தொலைக்காட்சியின் படத் தெரிவுகளில் ‘கேம் மோட்’ இருந்தால் அதை இயக்குங்கள். இல்லாவிட்டால், வளையம் முழுமையாகச் சுருங்குவதற்குச் சற்று முன்னதாகவே அழுத்திப் பாருங்கள். முன்னதாக அழுத்தும்போது உதை தொடர்ந்து துல்லியமானால் பிந்துதல்தான் காரணம். எந்தப் பக்கமும் முன்னேற்றம் இல்லாவிட்டால் காரணம் வேறு.

லிந்துலை கருவியர்:

நான் கன்ட்ரோலர் பழுது பார்ப்பவன். இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஃப்ரீ கிக் நிலையில் இரண்டு ஸ்டிக்கிலிருந்தும் கையை முழுமையாக எடுத்துவிட்டுத் திரையைக் கவனியுங்கள். யாரும் தொடாமலே குறியோ பந்தின் புள்ளியோ மெல்ல நகர்ந்தால், ஸ்டிக்கின் அடியிலிருக்கும் பொட்டென்சியோமீட்டரின் தடம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். பெனல்டியில் அந்த நகர்வு கண்ணுக்குத் தெரியாததால், எப்போதும் ஒரே பக்கமாகவே பந்து வெளியேறும். இடமும் வலமும் மாறிமாறி வெளியேறினால் கன்ட்ரோலர்மீது சந்தேகப்படத் தேவையில்லை. தேய்ந்த பாகத்தை மாற்றத்தான் வேண்டும். துடைத்துச் சுத்தம் செய்தால் சில நாட்கள் சரியாகி மீண்டும் வரும்.

வளையத்தைப் பற்றியும் ஒரு சொல். அதன் வேகம் உதைப்பவரின் திறனை மட்டுமே பொறுத்தது. ஆட்டத்தின் எந்த நேரத்தில் அடித்தாலும் மாற்றமில்லை.

ஒன்பதாம் இலக்கம் (பண்டாரவளை):

அதை நான் ஏற்கவில்லை. கடைசி நிமிடத்தில் ஒரே ஆட்டக்காரருக்கு வளையம் இன்னும் வேகமாகத் துடிப்பதை நான் கண்டிருக்கிறேன். நெருக்கடியும் கணக்கில் எடுக்கப்படுகிறது என்பதே என் முடிவு.

கோல்கம்பம் (நுவரெலியா):

நானும் அண்ணன் பக்கமே சாய்கிறேன், ஆனால் கண்ணால் பார்த்து இதை உறுதி சொல்ல முடியாது. ஒரே ஆட்டக்காரர் ஐந்தாவது நிமிடத்தில் அடிப்பதையும் மேலதிக நேரத்தில் அடிப்பதையும் இயந்திரத்திலேயே பதிவு செய்து, வளையம் ஒரு முறை சுருங்கி விரிய எடுக்கும் நேரத்தை ஒப்பிட வேண்டும். அப்படிப் பதிவு வைத்திருப்பவர்கள் இங்கே இடுங்கள்.

மலைத்தென்றல் (ஹட்டன்):

கையை எடுத்துப் பார்த்தேன், எதுவும் நகரவில்லை. கேம் மோட் இயக்கியதும் வளையத்தோடு உதை ஒத்துப்போகிறது. ஸ்டிக்கைச் சிறிது நேரம் மட்டும் தள்ளியதில் பந்து கம்பத்துக்கு உள்ளேயே நிற்கிறது. இப்போது ஒரு கவலை: கடையிலுள்ள தொலைக்காட்சி பழையது, அதில் அந்தத் தெரிவு இல்லை. வீட்டில் பழகிய நேரம் அங்கே பிழைக்காதா?

கோல்கம்பம் (நுவரெலியா):

பிழைக்கும். போட்டிக்கு முன்பு ஒரு மணி நேரமாவது அந்தத் திரையிலேயே பெனல்டி மட்டும் அடித்துப் பாருங்கள். எவ்வளவு முன்னதாக அழுத்த வேண்டும் என்பது அங்கேதான் தெரியும். ஸ்டிக்கைத் தள்ளும் கால அளவை மாற்ற வேண்டாம். குறி திரையில் தெரிவதில்லையாதலால், வீட்டில் கை பழகிய அந்தத் தள்ளலைத் திரையின் தாமதம் பாதிக்காது.