தெற்கே வர வேண்டிய ஹோமர் புறாக்கள் கிழக்கே போனது ஏன்?

வெண்சிறகு: என்னிடம் 9 ஹோமர்கள் இருக்கின்றன. கூண்டுக்கு நேர் வடக்கே 40 கி.மீ. தள்ளி ஒரே இடத்தில் ஆறு முறை விட்டிருக்கிறேன். ஒரு வட்டம் அடித்துவிட்டுத் தெற்கே திரும்பிவிடும். ஞாயிறு காலை 9 மணிக்கு, நல்ல வெயிலில் விட்டேன். எல்லாம் கிழக்கே போய்விட்டன. ஒன்று மட்டும் சீக்கிரம் வந்தது, மற்றவை வந்து சேர மாலையாகிவிட்டது. அதற்கு முன் பத்து நாள் சளிக்காக ஜன்னல் இல்லாத அறையில் வைத்திருந்தேன். நோய்தான் காரணமா?

மாடிக்கூண்டு: புறாவின் அலகில் காந்தம் இருக்கிறது, அதுதான் திசைகாட்டி. பக்கத்தில் செல்போன் கோபுரம் இருக்கிறதா பாருங்கள்.

பழங்கூண்டு: அலகில் இரும்பு இருந்த செல்கள் வெறும் நோய் எதிர்ப்புச் செல்கள் என்று 2012இல் தெரிந்துவிட்டது தம்பி. ஆனால் காந்த உணர்வே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1971இல் கீட்டன் என்ற ஆய்வாளர் புறாக்கள் மேல் காந்தம் கட்டி விட்டார். மேகமூட்டமான நாளில் குழம்பின, வெயிலில் சரியாகப் போயின. வெயில் இருந்தால் புறா முதலில் நம்புவது சூரியனைத்தான். வெண்சிறகு, அந்த அறையில் விளக்கு எப்போது எரிந்தது?

வெண்சிறகு: டைமரில் நள்ளிரவு 12 முதல் மதியம் 12 வரை.

பழங்கூண்டு: அப்போ அதுதான். சூரியன் நகர்ந்துகொண்டே இருப்பதால், மணி தெரிந்தால்தான் அதை வைத்துத் திசை பிடிக்க முடியும். உங்கள் புறாக்களின் உள்கடிகாரம் 6 மணி நேரம் முந்திவிட்டது. காலை 9 மணி அவற்றுக்கு மாலை 3 மணி. மூன்று மணிக்குச் சூரியன் தென்மேற்கில் இருக்கும், அதற்குச் சற்று இடப்பக்கம் போனால் தெற்கு. ஆனால் உண்மையில் சூரியன் தென்கிழக்கில் நின்றது. அதற்கு இடப்பக்கம் போனால் கிழக்கு! சந்தேகம் இருந்தால், வானம் முழுக்க மூடிய நாளில் விட்டுப் பாருங்கள், தெற்கே போனால் கடிகாரம்தான் காரணம். சோதிக்க வேண்டாமென்றால் ஒரு வாரம் இயல்பான வெளிச்சத்தில் வையுங்கள், சரியாகிவிடும்.

சாம்பல்வால்: நான் 150 கி.மீ. தள்ளி விற்ற ஆண் புறா ஒன்று எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. மூடிய பெட்டியில்தான் கொண்டுபோனார்கள். தெற்கு எது என்று தெரிந்தாலும், தான் வடக்கே இருப்பது அதற்கு எப்படித் தெரியும்?

பழங்கூண்டு: திசைகாட்டி வேறு, வரைபடம் வேறு. நீங்கள் கேட்பது வரைபடம். எந்தப் பக்கத்துக் காற்று எந்த வாசனையைக் கொண்டுவருகிறது என்று கூண்டிலிருந்தே புறா கற்றுக்கொள்கிறது என்பது இத்தாலியின் பீசாவில் பாப்பி என்ற ஆய்வாளர் 1970களில் சொன்னது. மோப்பத்தைத் தடுத்தால், பழகாத இடத்திலிருந்து பெரும்பாலும் வீடு சேர்வதில்லை. நான் இதை நம்புகிறேன். ஆனால் எந்த வாசனை என்று யாரும் பிடித்துக் காட்டவில்லை, சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

வெண்சிறகு: நன்றி ஐயா, இன்றே டைமரை மாற்றிவிட்டேன். ஆனால் அந்தக் கிழப் பெட்டை மட்டும் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டதே, எப்படி?

பழங்கூண்டு: நன்றாகப் பழகிய பாதையில் சாலையைப் பார்த்தே பறக்கும் புறாக்கள் உண்டு, ஜி.பி.எஸ். கட்டிப் பார்த்திருக்கிறார்கள். அதுவும் அப்படித் திருத்திக்கொண்டிருக்கலாம். மற்ற எட்டும் ஏன் அப்படிச் செய்யவில்லை என்பது எனக்கும் புரியவில்லை. அது எத்தனை வருடப் புறா?