சைனீஸ் காலர்: முன்முனை வளைவு சரியா வரலை, இடது பக்கம் படி விழுது. உதவி தேவை

மஞ்சக்குப்பம் தையல்பழகி
வணக்கம். கடலூர்ல இருக்கேன், தையல் கத்துக்கிட்டு ஒரு வருஷம் ஆகுது. கைத்தறி காட்டன்ல எனக்கே ஒரு குர்தி தைக்கிறேன். முன்பக்கம் பட்டி வச்ச ஓப்பன், மேலே நிக்கிற காலர், உயரம் 1¼ இஞ்ச். ரெண்டு முனையும் உருண்டையா வரணும்.
மூணு சிக்கல். வலது முனை ஓரளவு உருண்டை, இடது முனை மூலை மூலையா, பென்சில் சீவின மாதிரி இருக்கு. ரெண்டாவது, இடது பக்கம் காலர் முடிஞ்ச பிறகும் பட்டி கால் இஞ்ச் வெளியே நீட்டிக்கிட்டு நிக்குது. மூணாவது, பின்கழுத்துல சின்னச் சின்னச் சுருக்கம். இதுவரைக்கும் ரெண்டு தடவை பிரிச்சாச்சு. கைத்தறி, மூணாவது தடவை தாங்குமான்னு பயமா இருக்கு.

ஊசிக்கண்
வளைவுல நாட்ச் அடிச்சீங்களா? திருப்புறதுக்கு முன்னாடி வளைவு முழுக்க V மாதிரி வெட்டி விடணும். வெட்டாம திருப்பினா உள்ளே துணி மடிஞ்சு முட்டும். நான் எப்பவும் ஏழெட்டு வெட்டு போடுவேன்.

மஞ்சக்குப்பம் தையல்பழகி
போட்டேங்க, ஆறு வெட்டு. போட்ட பிறகுதான் மூலை மூலையா ஆச்சு!

வில்லியனூர் அம்மா
என் வீட்டுக்காரர் குர்தாவுக்கும் இதே பிரச்சனைதான். காலர் பின்னாடி கழுத்தை விட்டு விலகி நிக்குது, ரெண்டு விரல் உள்ளே போகுது. கேன்வாஸ் பத்தலைன்னு ரெண்டு மடிப்பு வச்சேன், இன்னும் விறைப்பா விலகுது. நீங்களும் ரெண்டு மடிப்பு வச்சுப் பாருங்க.

முத்தியால்பேட்டை டெய்லர்
அம்மா, உங்களுது வேற கதை. நேர்ப்பட்டையா வெட்டி வச்சிருப்பீங்க. கழுத்து மேலே போகப் போகச் சிறுக்கும், நேர்ப்பட்டை சிறுக்காது. காலரோட அடிக்கோடு முன்முனைகள்ல அரை இஞ்ச் மேலே ஏறுற மாதிரி வளைச்சு வெட்டுங்க. மேல் ஓரம் தானா குறையும், காலர் கழுத்தோட சாயும். கேன்வாஸ் ஒண்ணே போதும்.
மஞ்சக்குப்பம் தங்கச்சி, உங்களுக்கு ஒரு கேள்வி. கழுத்தை எங்கே வச்சு அளந்தீங்க? காலர் நீளம் எவ்வளவு? தைக்க எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிச்சீங்க?

மஞ்சக்குப்பம் தையல்பழகி
அண்ணா, வெட்டின ஓரத்துல டேப் வச்சு அளந்தேன், 14½ வந்தது. லூஸுக்கு அரை இஞ்ச் சேர்த்து காலர் 15. கழுத்துல தையலுக்கு விட்டது கால் இஞ்ச். வலது முனையிலிருந்து தைச்சுக்கிட்டே இடது பக்கம் வந்தேன்.

முத்தியால்பேட்டை டெய்லர்
அப்போ உங்க படியும் சுருக்கமும் ஒரே நோய்தான். கழுத்து ஒரு பள்ளம். வெட்டு ஓரம் சின்ன வட்டம், அதிலிருந்து கால் இஞ்ச் துணிக்குள்ளே தையல் ஓடுற இடம் பெரிய வட்டம். முழுக் கழுத்துக்கும் சுத்திப் பார்த்தா சுமார் 1½ இஞ்ச் கூடும். உங்க கழுத்துக்குத் தையல் கோடு 16 வரணும். காலர் 15. ஒரு இஞ்ச் பத்தலை. கேன்வாஸ் ஒட்டின காலர் நீளாது, அதனால மிஷின் கழுத்துத் துணியைக் கூட்டிக் கூட்டித் தள்ளியிருக்கு, அதுதான் பின்கழுத்துச் சுருக்கம். தள்ள முடியாத கால் இஞ்ச், நீங்க முடிச்ச இடது முனையில படியா நிக்குது.
நம்பலைன்னா கழுத்துல கால் இஞ்ச் உள்ளே பென்சில் கோடு போட்டு, டேப்பைப் படுக்க வைக்காம ஓரத்துல நிமிர்த்தி, கோட்டு மேலேயே நடத்திப் பாருங்க.

மஞ்சக்குப்பம் தையல்பழகி
அளந்தேன். 16 தான், ஒரு நூல் கம்மி! இந்தக் காலரை வச்சே சமாளிக்க வழி இருக்கா?

முத்தியால்பேட்டை டெய்லர்
கழுத்துத் தையலைக் கால் இஞ்சுக்குப் பதிலா அரைக்கால் இஞ்சுல ஓட்டினா, கோடு முக்கால் இஞ்ச் குறையும், கிட்டத்தட்ட ஒட்டிடும். ஆனா கைத்தறி, அரைக்கால்ல நூல் பிரிஞ்சு வெளியே வந்துடும். வேணாம். காலர் மட்டும் புதுசா வெட்டுங்க, அரை அடி துணி இருந்தா போதும்.
கேன்வாஸைத் தையல் மார்ஜின் இல்லாம, சரியா வர வேண்டிய அளவுக்கே வெட்டணும். அட்டை ஒண்ணு செஞ்சுக்கோங்க, கல்யாணப் பத்திரிகை அட்டை நல்லா நிக்கும். பாதிக் காலருக்கு மட்டும் அட்டை, முன்முனையில பத்து ரூபாய் நாணயத்தை வச்சு வளைவு வரைஞ்சு வெட்டுங்க. ஒரு பக்கம் வரைஞ்சு, அதே அட்டையைப் புரட்டி மறு பக்கம். ரெண்டு முனையும் கையால தனித்தனியா வரைஞ்சா இரட்டைப் பிள்ளையா வராது.
வெளித்துணியில கேன்வாஸ் ஒட்டி, அதோட அடி ஓரத்தை மட்டும் கேன்வாஸ் மேலே மடிச்சு இஸ்திரி போட்டுடுங்க. அப்புறம் உள்துணியோட சேர்த்து, கேன்வாஸ் ஓரத்தை ஒட்டி, கேன்வாஸ் மேலே ஏறாம தைக்கணும். வளைவு வந்ததும் தையலைப் பொடியாக்கி, ரெண்டு தையல், ஊசி துணிக்குள்ளே இருக்க பாதத்தைத் தூக்கிக் கொஞ்சம் திருப்பு, மறுபடி ரெண்டு தையல். இழுத்தா மூலைதான் வரும்.

ஊசிக்கண்
அப்போ நாட்ச்?

முத்தியால்பேட்டை டெய்லர்
தடித்த துணின்னா நீங்க சொல்றது சரி. மெல்லிய காட்டன்ல வெட்டு விழுந்த இடமெல்லாம் துணி மடிப்பு இல்லாம காலியா நிக்கும், மேலே ஒரு மூலை தெரியும். இந்தத் துணிக்கு வளைவுல மார்ஜினை அரைக்கால் இஞ்சா சீரா நறுக்கினா போதும். வெட்டு வேணும்னா கழுத்துல போடுங்க, நேர் வெட்டா. முதல்ல பென்சில் கோட்டுக்கு ஒரு மயிரிழை ஓரப் பக்கமா ஒரு காவல் தையல், அதைத் தொடாம நிறுத்துங்க. அப்பதான் கழுத்து நிமிர்ந்து காலரோட சேரும்.
பொருத்தும்போது நடுமுதுகிலிருந்து ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் பின் குத்துங்க. முனையில ஒரு இஞ்ச் மட்டும் கையால டாக்கா போட்டுடுங்க, காலர் முனையும் பட்டி மடிப்பும் ஒரே கோட்டுல. நான் முதல்ல உள்துணியைக் கழுத்தோட தைச்சு, மடிச்சு வச்ச வெளித்துணியைக் கடைசியில மேலே ஓரத் தையல் போட்டு முடிப்பேன்.

ஊசிக்கண்
இதை ஒத்துக்க மாட்டேன். எங்க கடையில வெளித்துணியை முதல்ல தைப்போம், உள்ளே கை தையல். வெளியே தையலே தெரியாது.

முத்தியால்பேட்டை டெய்லர்
கை தையலுக்கு நேரம் இருந்தா அப்படியே செய்யுங்க. எங்க கடையில ஒரு நாளைக்கு ஆறு குர்தா போகணும். ஓரத் தையல் நேரா ஓடினா அதுவும் அழகுதான். உங்க கை தையல் முறையில செஞ்சா அடி மடிப்பை உள்துணியில போடணும், அதை மறந்துடாதீங்க.

மஞ்சக்குப்பம் தையல்பழகி
ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து முடிச்சேன். காலர் 16 வெட்டி, நடுமுதுகிலிருந்து பின். படி இல்லை, பின்கழுத்தும் வழுவழுன்னு இருக்கு. வளைவு வலது பக்கம் அருமை. இடது பக்கம் ஒரே ஒரு இடத்துல லேசா தட்டை, திருப்பிப் பார்த்தா அங்கே தையல் கேன்வாஸ் மேலே ஏறியிருக்கு. பிரிக்கலை, போட்டுக்கப் போறேன்.
ஒரு தடவை துவைச்சேன். வெளித்துணியில கேன்வாஸ் ஒட்டின இடம் லேசா குமிழி மாதிரி இருக்கு. துணியை முன்கூட்டியே நனைச்சு வச்சிருந்தேன், கேன்வாஸை நனைக்கலை.

ஊசிக்கண்
இஸ்திரி சூடு பத்தலை. அப்படியே இழுக்காம, ஒவ்வொரு இடமா அழுத்திப் பிடிக்கணும்.

முத்தியால்பேட்டை டெய்லர்
சூடாகவும் இருக்கலாம், கேன்வாஸ் சுருங்கினதாகவும் இருக்கலாம். மிச்சத் துண்டு இருந்தா அதே துணியில உள்ளங்கை அளவு ஒட்டி, அளந்து வச்சுத் துவைச்சுப் பாருங்க. ஒட்டினதே பிரிஞ்சா சூடு. ஒட்டியிருந்தும் அளவு குறைஞ்சா கேன்வாஸ்.

வில்லியனூர் அம்மா
அரை இஞ்ச் ஏத்தி வெட்டினேன் தம்பி, இப்ப ஒரு விரல்தான் போகுது. முக்கால் ஏத்தலாமா?