புதுப்பிப்பு: பின்தங்கிய பாட்டுவரிகள்

நான் கேட்டிருந்தது: “என் பாட்டுவரி வீடியோவில் தொடக்கத்தில் சொற்கள் தாளத்தோடு திரையில் விழுகின்றன, போகப் போகப் பின்தங்குகின்றன. ஏன்?”

காரணம் பிடிபட்டுவிட்டது. பாட்டு நிமிடத்துக்கு 96 அடி, வீடியோ நொடிக்கு 30 பிரேம். அப்படியென்றால் ஓர் அடிக்கு 18.75 பிரேம். நான் ஒவ்வொரு சொல்லையும் முந்தைய சொல்லிலிருந்து 19 பிரேம் தள்ளி வைத்திருந்தேன். 64 அடி போனதும் 1200ஆம் பிரேமில் விழவேண்டிய சொல் 1216இல் விழுகிறது, அரை நொடிக்கு மேல் தாமதம்.

கிளிநொச்சித் தம்பி வீடியோவை நொடிக்கு 60 பிரேமுக்கு மாற்றச் சொன்னார். ஓர் இடத்துப் பிழை அதில் சிறுக்கும், உண்மைதான். ஆனால் அப்போது ஓர் அடிக்கு வரும் 37.5 பிரேமை 38 ஆக்கிக் கூட்டிக்கொண்டே போனால் அதே அரை நொடிதான் சேரும். வவுனியா அக்கா சொன்னதுதான் தீர்த்தது: ஒவ்வொரு அடியையும் பாட்டின் முதல் அடியிலிருந்தே கணக்கிட்டு, கடைசியில் மட்டும் முழு எண்ணாக்கு. அப்போது பிழை அரைப் பிரேமைத் தாண்டாது. சொல் பெரிதாகி நிற்க 4 பிரேம் எடுத்தால், அசைவை 4 பிரேம் முன்னதாகவே தொடங்கவும் சொன்னார். அது எவ்வளவு அழகாக விழுகிறது!

முல்லைத்தீவு அண்ணா தன் கோயில் பறைப் பதிவுக்கும் இதே கணக்கைக் கேட்டார். கையடியில் வேகம் ஏறி இறங்கும், அண்ணா. ஒலி அலையின் முகடுகளைப் பார்த்து அடிக்கு அடி குறியிட வேண்டும்.

இழுத்துப் பாடும் சொல்லை முழுதாகக் காட்டுவதா, எழுத்தெழுத்தாகவா? அதில் அக்காவும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை.