8 நடையில் 5-ஆவது மட்டும் சர்வரில் இல்லை, எங்கே தேடுவது?

ராத்திரி ஷிப்ட்: வடசென்னையில் ஒரு டிப்போவில் டிக்கெட் மிஷின் கணக்கு பார்க்கிறேன். நேற்று எண்ணூர் பக்கம் ஓடிய வண்டியின் கண்டக்டர் 8 நடைக்கு 6,480 ரூபாய் கட்டினார். சர்வர் அறிக்கையில் 7 நடை, 5,790 ரூபாய். 690 கூடுதல் என்று வந்துவிட்டதால் கேஷ் கவுண்டரில் கணக்கை முடிக்க மாட்டேன் என்கிறார்கள். காலை நாலு மணிக்கு டூட்டி ஏறிய மனுஷர், ராத்திரி பதினொன்று வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். மனசு கேட்கவில்லை, யாராவது வழி சொல்லுங்கள்.

எண்ணூர்க்காரன்: அந்தப் பக்கம் சிக்னல் கிடைக்காது. மிஷினிலிருந்து திரும்ப அப்லோடு பண்ணுங்கள், வந்துவிடும்.

பழைய ஆபரேட்டர்: சிக்னல் போயிருந்தால் அந்த டிக்கெட்டுகள் மிஷினில் அனுப்பாமல் நின்றிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். பார்க்காமல் திரும்ப அனுப்பாதீர்கள், சர்வர் ஒரே டிக்கெட்டை இரண்டு தடவை ஏற்றுக்கொள்கிற மாதிரி இருந்தால் வசூல் இரட்டிப்பாகிவிடும். மிஷின் மெமரியையும் இப்போதைக்கு அழிக்க விடாதீர்கள். அப்புறம், தேதியைப் போடாமல் வேபில் நம்பரை மட்டும் வைத்துத் தேடுங்கள்:

```
SELECT trip_no, MIN(ticket_no), MAX(ticket_no),
       COUNT(*), MIN(ticket_time)
FROM tickets WHERE waybill_no = 48213
GROUP BY trip_no ORDER BY trip_no;
```

மணலி ரூட்: எங்களிடமும் இப்படித்தான், ஆனால் அது யுபிஐ டிக்கெட். பணம் வந்துவிட்டது, டிக்கெட் அடிக்கவில்லை. உங்களுடையதும் அதுவாக இருக்குமோ?

ராத்திரி ஷிப்ட்: இல்லை, எல்லாமே ரொக்கம்தான். மிஷினில் எதுவும் நிற்கவில்லை. தேடியதில் 8 நடையும் இருக்கிறது! நாலாவது 10412-இல் முடிகிறது, ஐந்தாவது 10413 முதல் 10470 வரை 58 டிக்கெட், ஆறாவது 10471-இல் தொடங்குகிறது. ஐந்தாவதின் தேதி மட்டும் 2000-01-01. கண்டக்டர் வைத்திருந்த நடைச் சீட்டைப் பிரித்துப் பார்த்தேன், அதிலும் 01/01/2000 என்றே அடித்திருக்கிறது.

பழைய ஆபரேட்டர்: நாலாவது நடை முடிந்ததும் பேட்டரி மாற்றினாரா என்று கேளுங்கள். உள்ளே கடிகாரத்துக்கென்று இருக்கிற பட்டன் பேட்டரி செத்திருந்தால், பெரிய பேட்டரியைக் கழற்றியதுமே தேதி பழசுக்குப் போய்விடும். நெட்வொர்க் கிடைத்து நேரம் சரியாகிற வரை அடித்த டிக்கெட் எல்லாம் அந்தத் தேதியில்தான் விழும். உங்கள் அறிக்கை தேதியை வைத்துக் கூட்டுவதால் அந்த நடையை விட்டுவிடுகிறது.

ராத்திரி ஷிப்ட்: ஆமாம், டெர்மினஸில் மாற்றினாராம். அப்படியானால் தேதியை நானே திருத்திவிடவா?

பழைய ஆபரேட்டர்: வேண்டாம், பயணி கையில் இருக்கிற சீட்டோடு ஒத்துப்போகாது. பதிவை அப்படியே விட்டுவிட்டு, அறிக்கையை வேபில் வாரியாகக் கூட்டச் சொல்லுங்கள். நேற்றைய கணக்குக்கு அந்த 58 டிக்கெட்டின் தொகையைக் கூட்டி, 690 வந்தால் காரணத்தை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பட்டன் பேட்டரியை மாற்றுகிற வரை அந்த மிஷினை வெளியே அனுப்பாதீர்கள்.

ராத்திரி ஷிப்ட்: 690 சரியாக வந்தது, கண்டக்டருக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டேன். ஆனால் இதே மிஷினில் போன வார வேபில் ஒன்றில், ஒரே நடைக்கு நடுவில் மூன்று டிக்கெட் நம்பர் எந்தத் தேதியிலும் இல்லை. இது எதனால்?

பழைய ஆபரேட்டர்: அது கடிகாரம் இல்லை. மிஷின் மெமரியில் அந்த மூன்று நம்பரும் இருக்கிறதா?

ராத்திரி ஷிப்ட்: நேற்றைய நடைகள் இருக்கின்றன, போன வாரத்தை ஏற்கெனவே அழித்துவிட்டார்கள்.