இலவசச் செயலியில் ஒரு பயனருக்கு எவ்வளவு வருவாய்? உங்கள் அனுபவம் என்ன?

தொடங்கியவர் (தரவுப் பகுப்பாய்வாளர், சென்னை):
முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் கணக்கெழுதும் செயலி ஒன்று இருந்தது. அடிப்படை வசதிகள் இலவசம், கூடுதல் வசதிகளுக்கு மாதச் சந்தா. மாதம் 80,000 பேர் பயன்படுத்தினார்கள், அவர்களில் 2,400 பேர் பணம் கட்டினார்கள், வருவாய் 4,80,000 ரூபாய். பணம் கட்டுபவருக்கு 200 ரூபாய், பயனர் அனைவருக்கும் வகுத்தால் 6 ரூபாய்.

சந்தாவை உயர்த்தினார்கள். நான்கு மாதம் கழித்து இயக்குநர் கூட்டத்தில் ஒரே ஒரு கோடு காட்டப்பட்டது: 200 ரூபாய் 300 ஆகிவிட்டது. கைதட்டல். பணம் கட்டுபவர்கள் 1,500 ஆகச் சுருங்கியிருந்ததை அந்தக் கோடு சொல்லவில்லை. பயனர் எண்ணிக்கை மாறவில்லை, வருவாய் 4,50,000 ரூபாய், எல்லோருக்கும் வகுத்தால் 5.63. குறைவாகப் பயன்படுத்தியவர்கள் சந்தாவை விட்டு இலவச வசதிக்குத் திரும்பிவிட்டார்கள், எஞ்சிய சந்தாதாரர்களின் சராசரி ஏறிவிட்டது. இரண்டு எண்களும் ஒரே பக்கத்தில் இருந்திருந்தால் அன்றே கேள்வி எழுந்திருக்கும். இப்படி நடந்ததை நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்.

தொலைத்தொடர்புத் துறையில் இருப்பவர்:
இதில் என்ன குழப்பம் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் துறையில் ஒரு வாடிக்கையாளருக்கான சராசரி வருவாய் என்ற ஒரே எண்ணைத்தான் ஒவ்வொரு காலாண்டும் வெளியிடுகிறார்கள். சந்தையும் அதை வைத்தே பேசுகிறது.

தொடங்கியவர்:
ஐயா, உங்கள் துறையில் அது போதும். சிம் வைத்திருப்பவர் அநேகமாக எல்லோரும் ரீசார்ஜ் செய்கிறார்கள், அதனால் இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றேதான். நூறு பேரில் 97 பேர் ஒன்றும் கட்டாத இடத்தில்தான் அவை இரண்டும் பிரிந்துபோகின்றன.

சந்தைப்படுத்தல் பிரிவில் இருக்கும் ஒருவர்:
அப்படியானால் எல்லோருக்கும் வகுத்த எண்தான் உண்மையானது, மற்றது வெறும் அலங்காரம். நான் அதை மட்டுமே அறிக்கையில் போடுகிறேன்.

பங்குகளை ஆராய்பவர்:
பாதிதான் சரி. உங்கள் எண்ணும் ஏமாற்றும். விளம்பரத்தால் அந்தச் செயலியின் பயனர் எண்ணிக்கை 80,000-லிருந்து 1,60,000 ஆகிறது, 2,400-க்குப் பதில் 3,000 பேர் அதே 200 ரூபாயைக் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருவாய் 6,00,000-க்கு ஏறிவிட்டது, ஆனால் உங்கள் எண் 6-லிருந்து 3.75-க்கு விழும். இதை மட்டும் பார்ப்பவர் விளம்பரத்தை நிறுத்தச் சொல்வார். அந்த விளம்பரத்துக்கு ஆன செலவு தெரியாமல் அப்படி முடிவெடுக்க முடியாது.

நல்ல உதாரணம் ஸ்பாட்டிஃபை. 2018-ல் பங்குச் சந்தைக்கு வந்தபோது அளித்த ஆவணத்தில், சந்தாதாரர் ஒருவருக்கான மாத வருவாய் 2015-ல் 6.84 யூரோவாக இருந்து 2017-ல் 5.32 ஆக இறங்கியிருந்தது. குடும்பச் சந்தாவும் மாணவர் சந்தாவும் அதற்கு முக்கியக் காரணங்கள். அந்த இறக்கத்தை மட்டும் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் 2015 முடிவில் 9.1 கோடிப் பயனர்களில் 2.8 கோடிப் பேர் சந்தாதாரர்கள், 2017 முடிவில் 15.9 கோடியில் 7.1 கோடிப் பேர். பணம் கட்டுவோர் பங்கு 31 சதவீதத்திலிருந்து 45 சதவீதத்துக்குப் போயிருக்கிறது. கட்டுபவரின் சராசரியை அந்தப் பங்கால் பெருக்கி, பயனர் ஒருவருக்கான விளம்பர வருவாயையும் சேர்த்துக்கொண்டால்தான் எல்லாப் பயனருக்குமான எண் வரும். ஒன்றை மறைத்தால் எது அசைந்தது என்று தெரியாது.

விளையாட்டுச் செயலி செய்பவர், கோவை:
எங்களுக்கு இரண்டும் சேர்ந்தாலும் போதவில்லை. ஒரு மாதம் 500 பேர் 1,00,000 ரூபாய் செலவழித்தார்கள், சராசரி 200. அதில் 60,000 பத்தே பேருடையது. மற்ற 490 பேரின் சராசரி சுமார் 82 ரூபாய். அந்தப் பத்துப் பேரில் இருவர் விலகினாலே படம் மாறிவிடும். அதனால் நடுமதிப்பையும் எழுதி வைக்கிறேன்.

புதிதாகத் தொழில் தொடங்கியவர்:
எனக்கு வேறு சிக்கல், இது பொருந்துமா தெரியவில்லை. ஏப்ரலில் ஒருவர் 1,200 ரூபாய் ஆண்டுச் சந்தா கட்டுகிறார். அந்த மாதம் என் எண் துள்ளுகிறது. மே மாதம் அவர் தினமும் பயன்படுத்துகிறார், ஆனால் பணம் கட்டியவர் பட்டியலில் இல்லை.

தொடங்கியவர்:
நன்றாகவே பொருந்துகிறது. மாதம் 100 ரூபாயாகப் பிரித்து, பன்னிரண்டு மாதமும் அவரைக் கட்டுபவராகவே எண்ணுங்கள். எப்படி எண்ணினீர்கள் என்பதை எண்ணுக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.

சந்தைப்படுத்தல் பிரிவில் இருக்கும் ஒருவர்:
இரண்டையும் போடுகிறேன், சரி. ஆனால் ஏழு நாள் இலவச முன்னோட்டத்தில் இருப்பவர் கட்டுபவரா, இல்லையா?

பங்குகளை ஆராய்பவர்:
முதல் பணம் வரும்வரை இல்லை.

விளையாட்டுச் செயலி செய்பவர்:
அட்டை விவரம் கொடுத்தவரை நான் தனி வரிசையில் வைக்கிறேன். அவர்களில் பலர் ஏழாம் நாள் இரத்துசெய்துவிடுகிறார்கள், அதுவும் தெரிய வேண்டும் அல்லவா?